வீடியோ அழைப்பில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி: எப்படி நடத்துவது, எவ்வளவு வாங்குவது, எதைத் திருத்துவது



நம் ஊரில் பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்கள் பலர். கைக்குழந்தையை விட்டுவிட்டுத் தினமும் கோவில்பட்டிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறிப் போய்வர அவர்களுக்குத் தோதுப்படாது. இன்னொரு பக்கம், ஷார்ஜாவிலும் தம்மாமிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பெண்கள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். எதிரில் ஒருவர் பேசினால் பாதிக்கு மேல் புரியும். பதில் சொல்லத்தான் வாய் வராது. இந்த இரண்டு பேரையும் ஒரு செல்போன் திரையில் சேர்த்து வைத்தால் ஒருவருக்குப் பேச்சு வரும், இன்னொருவருக்கு வருமானம் வரும். சென்ற ஆண்டு நம் ஊர்ப் பெண் ஒருவர் இதைத் தொடங்கினார். டிரஸ்ட் அலுவலகத்தில் அவர் கணக்குகளையும் குறிப்புகளையும் கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டதால் டீச்சர், மாணவி என்றே குறிப்பிடுகிறேன்.

மாணவி ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கிறார். தமிழ்வழியில் பிளஸ் டூ படித்தவர். மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போனால் கணவர்தான் பேசுவார். ஒருமுறை கணவருக்கு விடுப்புக் கிடைக்காமல் இவர் மட்டும் போயிருக்கிறார். வகுப்பாசிரியை மகளைப் பற்றி ஏதோ குறை சொல்கிறார் என்று தெரிகிறது. என்ன குறை என்று கேட்கத் தெரியவில்லை. "யெஸ் மிஸ், யெஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அழுததாக அவருடைய தாயார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அடுத்த சந்திப்புக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே கோரிக்கை.

டீச்சர் உற்சாகமாகத் தொடங்கினார். இரண்டு பேருடைய சம்மதத்தோடு முதல் வகுப்பின் ஒலிப்பதிவைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அரை மணி நேர வகுப்பில் மாணவி ஆங்கிலம் பேசியது மொத்தம் ஆறு நிமிடம். மீதி முழுக்க டீச்சரின் குரல்தான்: டென்ஸ் என்றால் என்ன, ஹேஸ் எங்கே வரும், ஹேவ் எங்கே வரும். விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மாணவி காசு கொடுத்தது விளக்கத்துக்கு அல்ல. இலக்கண விளக்கம் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் ஆள் எதிரில் உட்கார்ந்து, பொறுமையாகக் காது கொடுத்து, இவர் வாயிலிருந்து வருவதைக் கேட்பது மட்டும்தான் வேறெங்கும் கிடைக்காதது. ஆகவே இந்தத் தொழிலில் விற்கப்படும் பொருள் மாணவி பேசும் நிமிடங்களே. திட்டம், கட்டணம், திருத்தம் மூன்றையும் இந்த அளவுகோலை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

காது கொடுப்பது சின்ன விஷயமல்ல என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர், புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலுள்ள களிக்குப்பம் என்ற மீனவ ஊரில் தமிழ்ப் பிள்ளைகளிடம் உயிரியல் பாடங்கள் அடங்கிய கணினியைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் இல்லாமல் விட்டார். பிள்ளைகள் தாங்களாகவே தேர்வில் 30 சதவீதம் வரை வந்தார்கள். பிறகு அங்கே கணக்கு வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணை அவர்களுக்குத் துணையாக வைத்தார். அந்தப் பெண்ணுக்கு உயிரியல் தெரியாது. பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் செய்வதுபோல, பின்னால் நின்று "அடடே, இது என்ன, இன்னொரு தடவை காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மதிப்பெண் 50 சதவீதத்துக்கு ஏறியது. இதை வைத்துத்தான் 2009இல் அவர் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை வழியாகத் தொண்டர்களை அழைத்து, அவர்கள் ஸ்கைப் வழியாக ஹைதராபாத் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசும் ஏற்பாட்டைச் செய்தார். 'கிரானி கிளவுட்' என்று அதற்குப் பெயர்.

அந்த ஏற்பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கேட்கும் பொறுமையை. அங்கே பேசியவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கேட்டவர்கள் அவசரம் இல்லாத பிள்ளைகள். நம் மாணவிக்கோ தேதி குறித்த ஒரு சந்திப்பு இருக்கிறது, கையிலிருந்து காசும் போகிறது. அதனால் கேட்பதோடு நிற்காமல் திருத்தமும் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு திட்டமும் வேண்டும்.

ஓரிரு முயற்சிக்குப் பிறகு நிலைத்த திட்டத்தைச் சொல்கிறேன். வகுப்பு 30 நிமிடம். முதல் மூன்று நிமிடத்தில் சலாம், நலம் விசாரிப்பு, போன வகுப்பில் திருத்திய மூன்று வாக்கியங்களைப் பார்க்காமல் சொல்லச் செய்வது. அடுத்த ஒன்பது நிமிடம் ஒரே செய்தியை மூன்று தடவை சொல்வது: முதலில் நான்கு நிமிடம், பிறகு மூன்று, பிறகு இரண்டு.

இந்த 'நான்கு, மூன்று, இரண்டு' முறை டீச்சர் கண்டுபிடித்ததல்ல. கீத் மாரிஸ் என்பவர் 1983இல் எழுதியது. நியூசிலாந்தின் பால் நேஷன் அதை எடுத்துப் பரப்பினார். முதல் தடவை பேசும்போது மூளை இரண்டு வேலை பார்க்கிறது, என்ன சொல்வது என்பதையும் தேட வேண்டும், ஆங்கிலச் சொல்லையும் தேட வேண்டும். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியது தயாராக இருப்பதால் முழுக் கவனமும் சொற்களுக்குப் போகிறது. மூன்றாம் தடவை நேரம் பாதியாகிவிட்டதால் இடையில் நின்று யோசிக்க இடமில்லை. வேகம் தானாக வருகிறது. நம் மாணவியின் முதல் தலைப்பு கோவில்பட்டி கடலைமிட்டாய். வேலை பார்க்கும் இடத்தில் கணவருக்குக் கொடுத்தனுப்பும் மிட்டாய் அது. இதில் என்ன இருக்கிறது, எப்படிச் செய்கிறார்கள் என்று பிலிப்பைன்ஸ்காரப் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டிருக்கிறார். நிலக்கடலையை வறுப்பது, தோலை நீக்குவது, வெல்லத்தைப் பாகு காய்ச்சுவது, தட்டில் ஊற்றிப் பரப்பி வெட்டுவது. தெரிந்த விஷயம் என்பதால் பயம் இல்லை. தெரியாத தலைப்பைக் கொடுத்துவிட்டுப் பேச்சு வரவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

இந்த முறையில் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, மாரிஸ் சொன்னபடி ஒவ்வொரு தடவையும் கேட்பவர் மாற வேண்டும். ஒரே ஆளிடம் மூன்று தடவை அதையே சொல்வது பேசுகிறவருக்கே அலுத்துவிடும். வீடியோ அழைப்பில் இருப்பதோ ஒரே டீச்சர். அதனால் மூன்றாம் தடவையை மட்டும் மாணவி தன் கணவருக்கு வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பும்படி மாற்றினார்கள். டீச்சர் எதிரில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவது சிக்கல் பெரியது. முதல் தடவை செய்த பிழையையும் சேர்த்தே மூன்று தடவை சொல்லிப் பழகிவிடுவார்கள். ஆகவே முதல் தடவை முடிந்ததும் ஒரே ஒரு பிழையை, ஒன்றுக்கு மேல் வேண்டாம், திருத்திவிட்டுத்தான் இரண்டாம் தடவைக்குப் போக வேண்டும்.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் வேஷம் போட்டுப் பேசுவது. டீச்சர் வகுப்பாசிரியையாகிறார், மாணவி தாயாகவே இருக்கிறார். ஒரே உரையாடலை இரண்டு தடவை நடத்துவார்கள். முதல் தடவை எளிதாக. இரண்டாம் தடவை ஓர் எதிர்பாராத திருப்பத்தோடு: "ஷி இஸ் வெரி குவயட் இன் கிளாஸ்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பேசாமல் இருந்துவிடுவார். மாணவிதான் "டஸ் ஷி ஆன்சர் வென் யூ ஆஸ்க் ஹெர்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதில் சொல்லப் பழகினால் போதும் என்று நினைக்கிறோம்; நம் பெண்கள் மாட்டிக்கொள்வது கேள்வி கேட்கும் இடத்தில்தான். தமிழில் வாக்கியத்தின் வரிசையை மாற்றாமல் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வியாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ள வேண்டும். 'வேர் யூ ஆர் கோயிங்' என்று நம்மவர்கள் சொல்வது அதனால்தான். கூடவே, புரியாதபோது சொல்ல ஒரு வாக்கியம் கைவசம் இருக்க வேண்டும்: "சாரி, குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?" இதை மட்டும் முதல் வாரத்திலேயே தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பழக்கிவிட வேண்டும். 'யெஸ் மிஸ்' என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதற்கு மாற்று அதுதான்.

கடைசி ஆறு நிமிடம் திருத்தத்துக்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் தவறுகிற இடம் இது.

மாணவி "யெஸ்டர்டே ஷி நாட் கமிங், ஃபீவர்" என்கிறார். நல்ல டீச்சர் மென்மையாக "ஓ, ஷி டிட் நாட் கம் யெஸ்டர்டே" என்று சரியான வடிவத்தைத் தான் சொல்லிவிட்டு உரையாடலைத் தொடர்வார். மரியாதையான வழிதான். ஆனால் மாணவி காதில் அது திருத்தமாக விழுவதில்லை. தான் சொன்னதை டீச்சர் ஆமோதிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுகிறார். கனடாவில் பிரெஞ்சு மொழி வழி வகுப்புகளைப் பதிவு செய்து ராய் லிஸ்டர், லைலா ரான்டா என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தியது இப்படித் தாங்களே திருப்பிச் சொல்லும் முறை. மாணவர்கள் தங்கள் பிழையைக் கவனித்துப் பதில் அளித்தது அதற்கு மிகக் குறைவு. பிழையான இடத்தில் நிறுத்தி, மாணவரையே சரியானதைச் சொல்லச் செய்தபோது பலன் கூடியது.

ஆகவே டீச்சர் இப்போது தான் முடிக்காமல் நிறுத்துகிறார்: "யெஸ்டர்டே ஷி...?" மாணவி யோசித்து "டிட் நாட்... டிட் நாட் கம்" என்று தானே எடுக்கிறார். அப்படி எடுத்த வாக்கியம் மறுநாளும் நிற்கிறது. பேச்சின் நடுவே குறுக்கிடுவதில்லை. நோட்டில் குறித்துக்கொண்டு கடைசி ஆறு நிமிடத்தில் கேட்பது. ஒரு வகுப்புக்கு மூன்று பிழை போதும். ஆரம்பத்தில் டீச்சர் பதினேழு பிழையைப் பட்டியல் போட்டு அனுப்பினார். மாணவி இரண்டு வகுப்புக்கு வரவில்லை. தலைவலி என்று தகவல் வந்தது.

எந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பது? கேட்பவருக்கு அர்த்தமே மாறிப் போகிற பிழை முதலில். 'எ', 'தி' விட்டுப் போவது கடைசியில். அர்த்தம் மாற்றுவதில் முதலிடம் உச்சரிப்புக்கு. தமிழ் எழுத்தில் க ஒன்றுதான், ப ஒன்றுதான். மாணவி தன் நோட்டில் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். பை என்பதற்கும் 'பேக்', முதுகு என்பதற்கும் 'பேக்', பொட்டலம் கட்டு என்பதற்கும் 'பேக்'. வாசிக்கும்போது மூன்றும் ஒன்றாகவே வாயில் வந்தது. இந்தக் கட்டுரையிலும் நான் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதனால் இந்த வித்தியாசத்தை உங்களுக்குக் காதால்தான் காட்ட முடியும். மாணவியின் நோட்டை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வது முதல் வேலை.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு கைமுதல் உண்டு. மதரஸாவில் மக்ரஜ் படித்தவர்களுக்கு ஆங்கில ஒலிகளில் பாதி ஏற்கெனவே தெரியும். ஃபா சொல்லும்போது மேற்பல்லின் நுனி கீழுதட்டின் உள்பக்கத்தில் படுகிறதே, ஆங்கில 'ஃபேன்', 'ஃபீவர்' இரண்டுக்கும் அதே இடம்தான். 'பீவர்' என்று சொன்ன மாணவியிடம் "ஃபா எப்படி ஓதுவீங்க?" என்று கேட்டதும் அடுத்த தடவையே சரியாக வந்துவிட்டது. ஜீரோ, ஜூ என்று எழுதுகிற சொற்களின் முதல் ஒலி ஸாய் எழுத்தின் ஒலி, ஜீம் அல்ல. மூன்று என்பதற்கான 'த்ரீ', நன்றி சொல்லும் 'தேங்க்யூ' இரண்டின் முதல் ஒலியும் நாக்கு நுனி மேற்பல் நுனியில் படும் ஸா. சீன் எழுத்தாக ஓதாமல் முறையாக ஓதிப் பழகியவர்களுக்கு இது வரும். 'திஸ்', 'தட்' இரண்டுக்கும் தால். 'வாட்டர்', 'வெதர்' என்பவற்றின் முதல் ஒலி, உதட்டைக் குவிக்கும் வாவ். 'வெரி' என்பதில் வருவது அது அல்ல. ஃபா சொல்லும் இடத்திலேயே தொண்டை ஒலியையும் சேர்க்க வேண்டும். அரபியில் ப வன்மையாக இல்லை, ஆங்கிலத்தின் 'பேக்' பொட்டலத்துக்கு நம் தமிழ் 'பப்பாளி'யின் முதல் எழுத்து இருக்கிறது. ஆக, அரபியும் தமிழும் சேர்ந்தால் பெரும்பாலான ஒலிகள் வாயில் தயார். ஓதும்போது வருவது பேசும்போது வருவதில்லை, ஏனென்றால் இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை.

இனி கட்டணம். "மாமா, மணிக்கு நூறு வாங்கட்டுமா?" என்று டீச்சர் கேட்டபோது அவர் எண்ணியது வகுப்பு நேரத்தை மட்டும். அரை மணி வகுப்புக்கு முன்னால் தலைப்பும் வேஷமும் தயாரிக்கப் பத்து நிமிடம். முடிந்ததும் மூன்று திருத்தத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் குரல் மாதிரி பதிவு செய்து அனுப்பப் பதினைந்து நிமிடம். ஆக ஒரு வகுப்புக்கு அவர் தருவது 55 நிமிடம். மணிக்கு நூறு என்று அரை மணிக்கு ஐம்பது வாங்கினால், ஏறக்குறைய முழு மணி உழைப்புக்கு ஐம்பது ரூபாய்தான் கிடைக்கும்.

நாங்கள் கணக்கிட்டு முடிவு செய்தது வகுப்புக்கு 150 ரூபாய், மாதம் 12 வகுப்பு, 1800 ரூபாய் முன்பணம். ஐந்து மாணவிகள் சேர்ந்தால் 60 வகுப்பு, 55 மணி நேரம், 9000 ரூபாய். இணையத்துக்கான செலவு அதில் கழியும். அறிமுக வகுப்பு 15 நிமிடம், 50 ரூபாய். இலவசமாக வைத்தால் ஆர்வத்தில் பேசிப் பார்க்க வருபவர்கள் கூடுவார்கள், நேரம் போகும். நான்கு மணி நேரம் முன்னதாகச் சொன்னால் வகுப்பை மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் வராவிட்டால் அந்த வகுப்பு முடிந்ததாகக் கணக்கு. கூலி, நேரம், எண்ணிக்கை, வராவிட்டால் என்ன என்ற நான்கையும் முதல் நாளே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சம்மதம்' என்ற பதிலை வாங்கிவிட வேண்டும். உறவுக்காரர்கள் என்றால் இன்னும் கண்டிப்பாக. பின்னால் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் வாய்ப்பேச்சாக விட்ட இடத்தில்தான் முளைக்கிறது. வசதி இல்லாத மாணவிக்குக் குறைக்க வேண்டும் என்றால் அந்தப் பாக்கியை டிரஸ்ட் கொடுக்கும். டீச்சர் கூலியில் கை வைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.

வெளியே உள்ள நிலவரமும் தெரிந்திருப்பது நல்லது. கேம்ப்ளி என்ற நிறுவனம் பேச்சுத் துணைக்கு நிமிடத்துக்கு 17 அமெரிக்க சென்ட் என்று பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்தது; மாணவர் இணைப்பில் இருக்கும் நிமிடத்துக்கு மட்டும் காசு, தயாரிப்புக்குக் கிடையாது. பிரெப்ளி என்ற தளத்தில் நாமே விலை வைக்கலாம், ஆனால் அவர்கள் கமிஷன் புதியவருக்கு 33 சதவீதத்தில் தொடங்கி, வகுப்பு மணிகள் கூடக்கூட 18 வரை இறங்குகிறது. புது மாணவரின் முதல் சோதனை வகுப்பின் கட்டணம் முழுவதும் அவர்களுக்கே. மாணவர் கிடைப்பதற்கான விலை அது. நமக்கு ஜமாஅத் வழியாகவும் உறவு வழியாகவும் மாணவிகள் கிடைப்பதால் அந்த விலை மிச்சம். பணம் வாங்குவதும் எளிது. நம் மாணவிக்காக ஊரிலுள்ள தாயார்தான் மாதம் பிறந்ததும் ஜிபேயில் போடுகிறார்.

முதல் வகுப்பே நடக்காமல் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் வாட்ஸ்அப்பில் அழைத்தார், அழைத்தார், இணைப்பு நிற்கவே இல்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு அனுமதி இல்லை. எழுத்தும் குரல் செய்தியும் மட்டும் போகும். கூகுள் மீட், ஜூம் வேலை செய்கின்றன. இலவச ஜூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும், மீட்டில் இருவர் பேசுவதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஷார்ஜா நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சவூதி இரண்டரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். மகள் பள்ளிக்குப் போனபிறகு அங்கே காலை பத்து மணி, இங்கே பதினொன்றரை. அதுவே இருவருக்கும் வசதிப்பட்டது. ரமலானில் மட்டும் நேரத்தைப் புதிதாகப் பேசிக்கொள்ள வேண்டும். வீடியோ அழைப்பு மணிக்கு ஒரு ஜிபி வரை எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டு டேட்டா பேக்கைப் பாருங்கள். இணைப்புத் திணறினால் படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உச்சரிப்புத் திருத்தும்போது வாய் தெரிய வேண்டும், அப்போது படம் அவசியம்.

பெண்களுக்குப் பெண்களே நடத்துவது, பதிவு எதுவும் சம்மதத்தோடு மட்டும், மாத முடிவில் அழித்துவிடுவது. இது எங்கள் ஏற்பாடு. ஆண்களுக்கு நடத்த ஓர் இளைஞர் கிடைத்தால் சேர்த்துக்கொள்வோம்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று டீச்சரும் மாணவியும் மாதம் ஒருமுறை பார்ப்பார்கள். அதே கடலைமிட்டாய்த் தலைப்பு, இரண்டு நிமிடம், தயாரிப்பு இல்லாமல். சொன்ன சொற்களை எண்ணுவது, மூன்று விநாடிக்கு மேல் நின்ற இடங்களை எண்ணுவது. முதல் வகுப்பில் இரண்டு நிமிடத்தில் 62 சொல், பதினான்கு நிறுத்தம். 24 வகுப்புக்குப் பிறகு 118 சொல், ஐந்து நிறுத்தம். இந்த எண்ணிக்கை நகரவில்லை என்றால் டீச்சர் அதிகம் பேசுகிறாரா என்று பதிவைக் கேட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். முப்பது நாளில் சரளம் என்று யாரும் விளம்பரம் செய்யாதீர்கள். ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுக்கான பயிற்சியும் வேறு வேலை, அதை இதோடு கலக்க வேண்டாம்.

பெற்றோர் சந்திப்பு நடந்தது. மாணவி தயாரித்துப் போன முதல் இரண்டு வாக்கியமும் சரியாக வந்ததாம். மூன்றாவதில் பழைய 'நாட் கமிங்' திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஆசிரியை வேகமாகச் சொன்ன இடத்தில் "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்" என்று நிறுத்திக் கேட்டிருக்கிறார். மகளுக்குக் கரும்பலகை எழுத்து தெளிவாகத் தெரியவில்லை, கண் பரிசோதனை செய்து பாருங்கள் என்பதுதான் ஆசிரியை முதல் சந்திப்பிலும் சொல்லியிருந்த விஷயம். இப்போது அந்தக் குழந்தை கண்ணாடி போட்டிருக்கிறது.

இதைத் தொடங்க விரும்பும் பட்டதாரிச் சகோதரிகள் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். மைக் உள்ள நான்கு ஹெட்போன்கள் இருக்கின்றன, முதல் மூன்று மாதத்துக்கு இரவலாகத் தருகிறோம். முதல் இரண்டு வகுப்பின் நிமிடக் கணக்கை நம் டீச்சரே கூட உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.